இன்று வெட்டிய நுங்கு, நேற்றுப் பழுத்த பலா

சித்திரையில் முளைத்து ஆனியில் மறையும் சாலையோரப் பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுத வேண்டும்? கூடங்குளம் வட்டாரத்திலிருந்து ஒரு பருவக் கணக்கு.

அஞ்சுகிராமத்திலிருந்து செட்டிகுளம், கூடங்குளம் வரும் சாலையில் வெயில் ஏற ஏறப் பலகைகளும் கூடும். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம், பழைய தகரம், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒட்டுப்பலகை என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் எழுதியிருக்கும். வாசகம் அநேகமாக ஒன்றுதான்: ‘நுங்கு, பலாச்சுளை கிடைக்கும். சீசன் கொஞ்ச நாள்தான்.’

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. மாநிலப் பழம் பலா. இரண்டும் ஒரே பலகையில் இடம்பிடிப்பது சித்திரை பாதியிலிருந்து ஆனி வரை மட்டும். இரண்டையும் ஒரே ஆள், ஒரே குடைக்கீழ் விற்றாலும் இரண்டின் கடிகாரமும் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. நுங்கைப் பழுக்கும் முன் தின்ன வேண்டும். பலாவைப் பழுக்கும்வரை விட்டுத்தான் தின்ன வேண்டும். நுங்கு வியாபாரி காலதாமதத்துக்குப் பயப்படுகிறார். பலா வியாபாரி அவசரத்துக்குப் பயப்படுகிறார். ‘சீசன்’ என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டு பயத்தையும் மூடி மறைத்துவிடுகிறது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியதோ, காய் எந்த நாளில் இறங்கியது, பழம் எந்த நாளில் கனிந்தது என்பதுதான்.

பக்கத்துக் காய், தூரத்துப் பழம்

கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் தாமிரபரணிக் கரையின் நெல்வயல்களும் வாழைத்தோட்டமும் இங்கே கிடையாது. மன்னார் வளைகுடாவை ஒட்டிய வறண்ட நிலம், மழை குறைவு, காற்று அதிகம். பனைக்கு இது போதும். ராதாபுரம், விஜயாபதி, உவரி, திசையன்விளை என்று எந்தப் பக்கம் போனாலும் வேலியோரத்திலும் தேரிமணலிலும் பனை நிற்கும். ஆகவே நுங்கு இங்கே உள்ளூர்ச் சரக்கு. காலையில் மரத்திலிருந்து இறங்கிய குலை, எட்டு மணிக்கெல்லாம் சாலையோரம் வந்துவிடும்.

பலாவுக்கு இந்த மண் ஒத்துவராது. அதற்கு மலையடிவாரத்து ஈரம் வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாகர்கோவில் வந்து, அங்கிருந்து மினிலாரியில் பயணம் செய்துதான் கூடங்குளம் சேரும். குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்துப் பழமும் உண்டு. குற்றாலநாதர் கோயிலின் தலமரமே குறும்பலா என்பதை நெல்லைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பக்கத்தில் விளையும் நுங்கு, சீவிவிட்டால் ஒரு நாள் தாங்காது. தூரத்திலிருந்து வரும் பலா நாலு நாள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். வியாபாரி நுங்கை அன்றன்றைக்கு வாங்குவதும் பலாவை வாரத்துக்கு ஒரு தடவை இறக்குவதும் இதனால்தான்.

குலை வருமா, பதநீர் இறங்குமா?

பனைக்குப் பூக்கும் வயது வரும்வரை அது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அதற்கே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஆண்பனையை அலகுப்பனை என்பார்கள். அதில் காய் இல்லை. பெண்பனையான பருவப்பனைதான் நுங்கு தரும்.

ஆனால் பெண்பனை எல்லாம் நுங்கு தந்துவிடாது. பாளை விடும்போதே பனையேறி ஒரு முடிவு எடுக்கிறார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் அது பதநீர் கொடுக்கும், நுங்கு கொடுக்காது. சீவாமல் விட்டால் குரும்பை பிடித்து நுங்காகும். அந்த நுங்கையும் வெட்டாமல் விட்டால் ஆடி, ஆவணியில் பனம்பழமாக விழும். பழத்தின் கொட்டையைப் புதைத்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. ஒரு பாளைக்குள் இத்தனை வியாபாரம் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டாக வேண்டும்.

கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி அதிக தூரத்தில் இல்லை. பதநீர் காய்ச்சுகிறவர்கள் நிறைய இருக்கும் இடத்தில், நுங்குக்கு என்று விடப்படும் பாளைதான் சந்தைக்கு வரும். மரம் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றாலும் ஏற ஆள் இல்லாவிட்டால் குலை மேலேயே முற்றிப்போகும். காலில் தளைநார் மாட்டி, நாளைக்குப் பல மரம் ஏறி இறங்கும் தொழிலுக்கு அடுத்த தலைமுறை பெரும்பாலும் வரவில்லை. ‘சீசன் கொஞ்ச நாள்’ என்று பலகை சொல்வதில் பாதி மரத்தின் கணக்கு. மீதிப் பாதி ஏறுகிற ஆளின் கணக்கு.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை தாக்கலானபோது, 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் கொடுக்கும் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடும் அப்போது வந்தது. அந்த விதைகள் நுங்கு கொடுக்க 2030களின் நடுப்பகுதியாவது ஆகும்.

அரிவாள் சொல்லும் வயது

நுங்கு வாங்க வருகிறவர் எல்லோரும் சொல்வது ஒரே வாசகம்: “அண்ணாச்சி, இளசா பாத்துக் குடுங்க.” பார்த்துச் சொல்வது லேசில்லை. காயின் வெளித்தோலில் வயது எழுதியிருக்காது. ஒரே குலையிலும் எல்லாக் காயும் ஒரே பக்குவத்தில் இருப்பதில்லை.

வியாபாரி வயதை அறிவது அரிவாளின் வழியாகத்தான். காயைச் சாய்த்துப் பிடித்து, தலைப்பகுதியைச் சரக்கென்று சீவுவார். கத்தி தடையில்லாமல் இறங்கினால் இளசு. சீவிய இடத்தில் பெரும்பாலும் மூன்று கண் தெரியும்; சில காயில் இரண்டுதான். கண்ணாடி போல் உள்ளே தண்ணீர் தெரிகிற கண்ணைக் கட்டைவிரலால் நெம்பினால் தோலோடு வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கடித்தால் நடுவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் தெறிக்கும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் அது.

இன்னும் சில நாள் மரத்தில் விட்டால் கண் பால்வெள்ளையாகும், உள்ளிருக்கும் தண்ணீர் சுண்டும், சதை தடிக்கும். பல்லுக்கு வேலை கொடுக்கும் இந்தப் பதத்தை விரும்பிக் கேட்கிறவர்களும் உண்டு. அதையும் தாண்டினால் தேங்காய்ப் பருப்பைப் போல இறுகிவிடும். அரிவாள் போகும்போதே ‘டக்’ என்று ஒரு தடை தட்டும். வியாபாரி மேற்கொண்டு வெட்டாமல் ஓரமாக எறிந்துவிடுவார். கடுக்காய் என்பது அதன் பெயர். அதை விற்றால் தின்றவருக்கு வயிற்றுவலி, விற்றவருக்கு மறுநாள் வசவு.

இறக்குவதிலும் கவனம் உண்டு. குலையை வெட்டித் தடாலென்று கீழே போட்டால் உள்ளே கண் உடைந்து தண்ணீர் கசிந்துவிடும். வெளியே அடிபட்ட அடையாளம் தெரியாது. சீவும்போதுதான் உடைந்த கண் பழுப்பேறிக் கிடக்கும். அதனால் கயிற்றில் கட்டித்தான் இறக்குவார்கள். குலையாக இருக்கும்வரை ஓரிரு நாள் தாங்கும். கண்ணை எடுத்துவிட்டால் கதை மணிக்கணக்கில்தான். உச்சிவெயிலில் பாலிதீன் பையில் கட்டிவைத்த நுங்கு வேர்த்து, பிசுபிசுத்து, சாயங்காலத்துக்குள் புளிப்பு வாடை காட்டிவிடும். எடுத்து அடுக்கிய நுங்கைவிடக் கண்முன்னே சீவித் தருகிற நுங்குக்கு விலை கூட இருப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்காரர்கள் நுங்கைத் தனியாகத் தின்பதோடு விடமாட்டார்கள். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதநீரை ஊற்றி, நுங்கைப் பிய்த்துப் போட்டுக் குடிப்பார்கள். பதநீர் கிடைப்பது காலையில் மட்டும். ‘பதநீர் நுங்கு’ என்று பலகையில் எழுதுகிற கடைக்காரர் அந்த வரியை முற்பகலிலேயே அழித்துவிட வேண்டும். வெயிலில் வைத்த பதநீர் புளித்துப்போகும்.

பலாவுக்குப் பொறுமை வேண்டும்

பலாவில் தப்பு நடப்பது தோட்டத்திலேயே. விலை நன்றாக இருக்கிறதென்று முற்றாத காயை வெட்டி அனுப்பினால், எத்தனை நாள் சாக்குப்போட்டு மூடினாலும் அது பழுக்காது. வாடும், அழுகும், இனிக்காது. முற்றிய காயைத் தட்டினால் மந்தமான, உள்ளே காற்றோட்டம் இருப்பது போன்ற ஒலி வரும். முள் நெருக்கம் விட்டு மொண்ணையாகும். பச்சை வெளுத்து மஞ்சள் தட்டும். காம்பை ஒட்டிய கடைசி இலை பழுக்கும். காம்பை வெட்டினால் வடியும் பால், கெட்டியாக இல்லாமல் நீர்த்து வரும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் வாங்கலாம். ஒன்றை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற வாய்ப்புண்டு.

முற்றிய காய் கடைக்கு வந்து மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பழுக்கும். வாசனை வரத் தொடங்கிய மறுநாள் வெட்டுவது நல்ல பதம். அன்றைக்கே வெட்டினால் சுளை வெளிறி, பல்லில் நறநறக்கும். இரண்டு நாள் தள்ளினால் வாசனை தூக்கலாகி, சுளை ஓரம் பழுப்பேறும்.

ரகமும் முக்கியம். குமரி மாவட்டத்திலிருந்து வருவதில் வருக்கை, கூழன் என்று இரண்டு வகை. வருக்கையில் சுளை கெட்டி, கத்தி வேண்டும், சுளை சுளையாக எடுத்து அடுக்கலாம். கூழன் பழுத்தால் கையாலேயே பிளந்துவிடலாம். சுளை குழைந்து நாராகத் தொங்கும். இனிப்பு சில சமயம் வருக்கையைவிட அதிகம். சாலையோரத்தில் வெட்டி விற்க வருக்கைதான் சரி. கூழனை முழுப்பழமாக வீட்டுக்கு வாங்கிப்போகலாம். பல பலகைகளில் ‘பண்ருட்டி பலா’ என்று எழுதியிருக்கும். கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிக்கு இருக்கும் பேர் அப்படி. குலசேகரத்து வருக்கை எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ‘குலசேகரம் வருக்கை’ என்று ஊர்ப்பேரோடு எழுதினால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது இன்னும் நம்பிக்கையாக இருக்கும்.

பலா வெட்டுகிறவர் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். இல்லாவிட்டால் பால் ஒட்டி, கத்தியும் நகராது, கழுவினாலும் கை சுத்தமாகாது. வெட்டிய பழத்தை ஈ மொய்க்காமல் வலையிலோ கண்ணாடிப் பெட்டியிலோ மூடி, நிழலில் வைத்தால் அன்று இரவுவரை தாங்கும். மறுநாள் வைத்தால் சுளையில் புளிப்பு ஏறும். எட்ட நின்றாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பலகையின் பின்னால் ஒரு கணக்கு

வைகாசி மாதத்து ஒரு நாள் வியாபாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் புரிந்துகொள்வதற்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும்.

ஐந்து குலை நுங்கு. குலைக்குப் பத்து என்று 50 காய். காய் 6 ரூபாய் என்றால் 300, ஆட்டோக்கூலி 50, மொத்தம் 350 ரூபாய். எல்லாக் காயிலும் மூன்று கண் இருக்காது என்பதால் 140 கண் தேறுவதாக வைப்போம். அதில் முற்றியதும் உடைந்ததும் 32 போனால் மிச்சம் 108 கண். டஜன் 60 ரூபாய் என்றால் 9 டஜனுக்கு 540 ரூபாய். அத்தனையும் விற்றால் லாபம் 190. சாயங்காலம் இரண்டு டஜன் தங்கிவிட்டால் 120 ரூபாய் போய், கையில் 70தான். காலையிலிருந்து வெயிலில் நின்றதற்கு அந்த 70. நுங்குக் கடைக்காரர் சாயங்காலம் நெருங்கும்போது டஜனுக்குப் பத்து ரூபாய் குறைத்து எழுதுவது தாராளத்தால் இல்லை. நாளைக்கு அது விலையே போகாது என்பதால்.

பலாக் கணக்கு வேறு மாதிரி. 12 கிலோ பழம், கிலோ 25 ரூபாய் என்று 300 ரூபாய்க்கு வாங்கினால், தோலும் தண்டும் நாரும் கொட்டையும் போக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வெறும் சுளை தேறும். மூன்றரைக் கிலோ என்று வைத்தால், சுளையின் அடக்க விலையே கிலோவுக்கு 86 ரூபாய் ஆகிவிடுகிறது. 100 கிராம் 15 ரூபாய் என்று எழுதினால் கிலோ 150. மூன்றரைக் கிலோவுக்கு 525 ரூபாய். கொட்டையைத் தனியே விற்றால் அது மேல்வரவு.

இங்கேதான் பலகையால் சண்டை வரும். ‘பலா கிலோ 25’ என்று பெரிதாகவும் ‘சுளை 100 கிராம் 15’ என்று பொடியாகவும் எழுதியிருந்தால், வருகிறவர் வண்டியை நிறுத்தி, சுளையை 25 ரூபாய்க்குக் கேட்பார். ‘முழுப்பழம்’, ‘கொட்டை எடுத்த சுளை’ என்று இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதிவிட்டால் வாய்ப்பேச்சு மிச்சம். கொட்டையோடு விற்றால் அதையும் எழுத வேண்டும்; கொட்டையின் எடை சேர்ந்தால் அதே விலைக்கு வாங்குகிறவருக்குச் சுளை குறையும்.

வண்டியில் போகிறவர் படிக்க

இந்தச் சாலையில் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், 3 முதல் 6 வரையிலான அலகுகளின் கட்டுமானத் தொழிலாளர்கள், செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்துக் குடும்பங்கள், கன்னியாகுமரிக்குப் போகும் வெளியூர் வண்டிகள் என்று எல்லோரும் போகிறார்கள். பெரும்பாலோர் இரண்டு சக்கர வண்டியில். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. முப்பது மீட்டரிலிருந்து எழுத்து கண்ணில் படுகிறதென்றால், படிக்கக் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவு. அதற்குள் படித்து, யோசித்து, பிரேக் பிடித்தால் வண்டி கடையைத் தாண்டித்தான் நிற்கும். தாண்டியவர்களில் பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள்.

ஆகவே விவரம் தெரிந்த வியாபாரி இரண்டு பலகை வைக்கிறார். முதல் பலகை கடைக்கு நூறடி முன்னால். அதில் இரண்டே சொல்: நுங்கு, பலா. உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத எழுத்து. சுழியும் புள்ளியும் தெளிவாக விழ, மெல்லிய சாக்பீஸுக்குப் பதில் பட்டைத் தூரிகை. தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கு மூன்று கண் தெரியும்படி வெட்டிய காயின் படம் ஒன்று போதும். இரண்டாவது பலகை கடை வாசலில். நின்றவர் படிக்க நேரம் இருப்பதால் விலையும் விவரமும் அதில்.

வைகாசி பிறந்தால் காற்று கிளம்பிவிடும். முப்பந்தலில் தொடங்கி ராதாபுரம் வட்டாரம் வரை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான காற்று, பலகையை விட்டுவைக்குமா? பிளெக்ஸ் கிழிந்து பறக்கும், அட்டை மடங்கும். பழைய டயருக்குள் கம்பை நட்டு, மணல்மூட்டையால் அழுத்தி, பலகையில் நாலைந்து துளை போட்டால் காற்று ஊடே போய்விடும். காற்று பலகையோடு நிற்பதில்லை. பனைமரம் ஏறுகிறவருக்கும் அது ஆபத்து. காற்று பலமாக அடிக்கும் நாளில் மரம் ஏறமாட்டார்கள். அன்று நுங்கு வராது.

அப்படியானால் வாசல் பலகையில் என்ன எழுதலாம்? நல்ல பலகை ஒன்றின் வாசகம் இப்படி இருக்கும்:

நுங்கு: இன்று காலை இறக்கியது
டஜன் 60, கண்முன் சீவித் தரப்படும்
இளசு / கெட்டி: கேட்டு வாங்கவும்
பலா: குலசேகரம் வருக்கை
முழுப்பழம் கிலோ 25
கொட்டை எடுத்த சுளை 100 கிராம் 15
நாளை நுங்கு வரும்; காற்று இருந்தால் வராது

‘இன்று’ என்ற சொல்லை எழுதிவிட்டால் பலகையைத் தினமும் அழித்து எழுதியாக வேண்டும். பெயின்டில் எழுதிய ‘இன்று’ பொய்யாகிவிடும். விலையையும் நாளையும் சாக்பீஸில் எழுதுவதும், பழத்தின் பெயரை மட்டும் பெயின்டில் எழுதுவதும் நல்ல ஏற்பாடு.

எப்போது அழிப்பது?

சீசன் முடிந்ததைத் தேதி சொல்லாது, சரக்கு சொல்லும். ஒரு குலையில் சீவுகிற காயில் மூன்றில் ஒன்று கடுக்காயாக வந்தால், அந்த வாரத்தோடு நுங்கு முடிந்ததென்று எடுத்துக்கொள்ளலாம். மேற்கொண்டு விற்றால் விலையும் நிற்காது, வாடிக்கையும் நிற்காது. பலாவுக்கு அந்த அறிகுறி மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை குமரி மலையடிவாரத்தில் பிடித்துவிட்டால், மரத்திலிருக்கும் பழம் தண்ணீர் கோர்த்து, தித்திப்பு குறைந்து, சில பழம் வெடித்தும் விடும். குற்றாலத்தில் சாரல் என்றால் கூடங்குளத்தில் பலாச்சுளை சப்பென்றாகும். வருடத்தில் இரண்டு தடவை காய்க்கும் ரகங்களும் இருக்கின்றன. கார்த்திகையில் கொஞ்சம் பலா தலைகாட்டும். அது சாலையோரம் கடை போடும் அளவுக்கு வராது.

வாங்குகிறவர் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. ஆனி மாதத்தில் பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தினால், டஜன் விலை கேட்பதற்கு முன் ஒரு காயைச் சீவச் சொல்லுங்கள். கத்தி போகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு மீதியை முடிவு செய்யலாம். “இது கடுக்காய்லா” என்று வியாபாரியே சொல்லி எறிந்தால், அந்தக் கடையில் தாராளமாக வாங்கலாம். அடுத்த சித்திரையிலும் அவர் அதே இடத்தில்தான் கடை போடுவார். இந்த வருடம் கடுக்காய் கொடுத்தவரிடம் யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.